டிக் போட்ட தாளும் பிடிக்காத ஸ்பேனரும்

இரவு ஒன்பதே காலுக்கு ஓட்டுநரிடமிருந்து வந்த அழைப்பு அது. குன்னூரிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த எங்கள் டாக்ஸிகளில் ஒன்றான டொயோட்டா எட்டியோஸ், பர்லியாறு தாண்டியதும் இடது பின் டயர் பஞ்சராகி நின்றுவிட்டது. வண்டியில் ஒரு குடும்பம், எழுபது வயதைத் தாண்டிய பாட்டி உட்பட ஐந்து பேர். பஞ்சர்தானே, கால் மணி நேர வேலை என்று நினைத்தேன்.

"ஸ்டெப்னி இருக்கிறதா?"

"இருக்குதுங்க அண்ணா."

"ஜாக்கி?"

"இருக்குதுங்க. ஸ்பேனர்தான் நட்டில் ஏற மாட்டேன் என்கிறது."

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. அவர் சொல்லச் சொல்லத்தான் புரிந்தது. கையில் இருந்தது எங்கள் இன்னொரு காரான மாருதி டிசையருடைய வீல் ஸ்பேனர். மாருதி கார்களின் வீல் நட்டுக்கு 19 அளவு ஸ்பேனர் வேண்டும். டொயோட்டாவுக்கு 21. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், அதே கறுப்பு, அதே வளைவு. முந்தைய வெள்ளிக்கிழமை இரண்டு கார்களையும் அடுத்தடுத்து நிறுத்திக் கழுவியபோது டிக்கிச் சாமான்களைத் தரையில் பரப்பி வைத்திருந்தோம். திரும்ப எடுத்து வைக்கும்போது மாறிவிட்டது. ஐந்து நாட்களாக இரண்டு கார்களும் தப்பான ஸ்பேனருடன் ஓடிக்கொண்டிருந்தன.

கல்லாறு, பர்லியாறு பக்கம் யானை நடமாட்டம் உள்ள இடம். இருட்டில் ஒரு குடும்பத்தை இறக்கி வைத்துக்கொண்டு நிற்கத் தகுந்த இடமே இல்லை. நான் சிங்காநல்லூரிலிருந்து கிளம்பினால் போய்ச் சேர ஒன்றரை மணி நேரம் ஆகும். கிளம்பியும் விட்டேன். நல்லவேளையாக, ஊட்டி பக்கத்து இன்னோவா ஓட்டுநர் ஒருவர் நிறுத்தித் தன் ஸ்பேனரைக் கொடுத்தார். அதுவும் டொயோட்டா என்பதால் பிடித்துக்கொண்டது. மொத்தம் ஐம்பது நிமிடம். பாட்டி ஒன்றும் சொல்லவில்லை. மகன் மட்டும் மறுநாள் என்னிடம் நிறையவே சொன்னார், நியாயமாகத்தான்.

மறுநாள் காலை அந்தக் காரின் சோதனைத் தாளை எடுத்துப் பார்த்தேன். "டூல்ஸ்" என்ற வரிக்கு எதிரே அழகாக ஒரு டிக். அந்த வாரம் முழுவதும் டிக். சந்தேகம் வந்து மற்ற தாள்களையும் புரட்டினேன். கிளட்ச் வேலைக்காக இரண்டு நாள் பட்டறையில் கிடந்த டிசையருக்கும் தாள் இருந்தது. அதிலும் விளக்கு, ஹாரன், பிரேக், சுத்தம் என்று முப்பத்தெட்டு வரிகளுக்கும் டிக் விழுந்திருந்தது.

அந்த முப்பத்தெட்டு வரித் தாளைத் தயாரித்தவன் நான்தான். ஐந்து கார்கள், ஆறு ஓட்டுநர்கள் கொண்ட சிறிய தொழில் என்னுடையது. இரண்டு டிசையர், இரண்டு எட்டியோஸ், ஒரு இன்னோவா. பெரிய நிறுவனத்தின் பட்டியல் ஒன்றைப் பார்த்து நகலெடுத்து, பெருமையாக அச்சடித்து வைத்திருந்தேன். அதிகாலை நான்கு மணிக்கு விமான நிலைய ஓட்டத்துக்குக் கிளம்பும் மனிதர் முப்பத்தெட்டு விஷயங்களை இருட்டில் பார்ப்பார் என்று எப்படித்தான் நம்பினேனோ. ஓட்டுநர்களைத் திட்ட வாயைத் திறந்து, மூடிக்கொண்டேன். நானே பதினொரு ஆண்டுகள் டாக்ஸி ஓட்டியவன். அந்தத் தாள் என்னிடம் கொடுக்கப்பட்டிருந்தால் நானும் ஒரே மூச்சில் டிக் போட்டிருப்பேன்.

அதன்பிறகு மாற்றிய முதல் விஷயம் நேரம். முழுச் சோதனையை இரவு வண்டி திரும்பி வந்ததும் வைத்தேன். ஷெட்டில் இரண்டு எல்.இ.டி. குழல் விளக்கு மாட்டினேன். எது உடைந்தது, எது தீர்ந்தது, எந்தப் பயணி எங்கே வாந்தி எடுத்தார் என்பதெல்லாம் அன்றைய ஓட்டுநருக்குத்தான் தெரியும். குறை இருந்தால் சரிசெய்யவும் இரவு முழுதும் இருக்கிறது. காலையில் கிளம்பும்போது செய்ய வேண்டியது வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வருவது மட்டும்: டயர் நான்கையும் கண்ணால் பார்ப்பது, வண்டி நின்ற இடத்தில் எண்ணெயோ தண்ணீரோ சொட்டியிருக்கிறதா என்று குனிந்து பார்ப்பது, விளக்குகள். பிரேக் விளக்கைத் தனி ஆளாகப் பார்க்க ஒரு வழி உண்டு. சுவருக்கு முதுகு காட்டி நிறுத்தி, பெடலை மிதித்து, கண்ணாடியில் பின்சுவரைப் பார்த்தால் சிவப்பு வெளிச்சம் இரண்டு பக்கமும் விழுகிறதா என்று தெரிந்துவிடும். விடிவதற்கு முன் இது இன்னும் சுலபம்.

இரண்டாவது மாற்றம், டிக் போடும் கட்டங்களையே எடுத்துவிட்டேன். பார்க்காமல் எழுத முடியாததை மட்டும் கேட்பது என்று முடிவு செய்தேன். கிலோமீட்டர் எவ்வளவு, ஸ்பேனரில் பொறித்திருக்கும் அளவு எவ்வளவு, தீயணைப்பானின் முள் எந்த நிறத்தில் நிற்கிறது, முதலுதவிப் பெட்டியின் மேல் ஒட்டிய தேதி என்ன. இப்படி ஒன்பது வரிகள், அரைத்தாள். ஒன்பதையும் எழுத எனக்கு நிதானமாகச் செய்தால் பன்னிரண்டு நிமிடம் ஆகிறது. பொய் எழுதவே முடியாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் நேற்றைய எண்ணைப் பார்த்து எழுதுவதற்கு ஆகும் சிரமமும் டிக்கியைத் திறந்து பார்ப்பதற்கு ஆகும் சிரமமும் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால், பெரும்பாலும் திறந்தே பார்த்துவிடுகிறார்கள்.

ஸ்பேனர் கதைக்கு வருகிறேன். ஒவ்வொரு காருக்கும் ஒரு நிறம் ஒதுக்கி ஜாக்கி, ஜாக்கிக் கம்பி, ஸ்பேனர், இழுவைக் கொக்கி எல்லாவற்றிலும் அந்தப் பெயின்ட்டில் ஒரு பட்டை அடித்தோம். அதே நிறத்தில் டிக்கி மூடியின் உள்பக்கமும் ஒரு பொட்டு. நிறம் பொருந்தாவிட்டால் இருட்டிலும் டார்ச் அடித்தால் தெரியும். மொத்தச் செலவு ஐந்து சின்ன டப்பா பெயின்ட்.

ஸ்பேனர் சரியாக இருந்தாலும் நட்டு கழலாமல் போவது இன்னொரு தொல்லை. பஞ்சர் கடையில் காற்றழுத்தத் துப்பாக்கியை வைத்து 'டர்ர்ர்' என்று முறுக்கி அனுப்புவார்கள். வண்டியோடு வரும் குட்டை ஸ்பேனரில் அதைக் கழற்ற ஆள் பலம் போதாது. ஏறி மிதித்தால் நட்டின் முனை மழுங்கும், அல்லது கால் வழுக்கும். அதனால் ஒவ்வொரு காரிலும் ஸ்பேனர் கைப்பிடிக்குள் நுழையும் அளவுக்கு ஒன்றரை அடி இரும்புக் குழாய் ஒன்று இருக்கிறது. பழைய இரும்புக் கடையில் வாங்கியது. அது கழற்றுவதற்கு மட்டும். முறுக்கும்போது குழாயைப் போட்டு இழுத்தால் போல்ட் அறுந்துவிடும் என்று முதல் நாளே சொல்லிவிடுவேன். பஞ்சர் கடையிலும் துப்பாக்கியில் பாதி முறுக்கி, மீதியைக் கையால் முறுக்கச் சொல்லுங்கள் என்பது எங்கள் ஓட்டுநர்களுக்கு நிலையான உத்தரவு. சில கடைக்காரர்கள் முறைப்பார்கள், பரவாயில்லை.

அடுத்தது ஒரு பலகைத் துண்டும் ஒரு மரக்கட்டையும். பலகை, சாலையோர மண்ணில் ஜாக்கி புதையாமல் இருக்க அடியில் வைப்பதற்கு. கட்டை, சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்க. மலைச் சரிவில் கைப்பிரேக்கை மட்டும் நம்பி வண்டியைத் தூக்கக் கூடாது. பல கார்களில் கைப்பிரேக் பின் சக்கரங்களை மட்டுமே பிடிக்கும். பின் சக்கரம் ஒன்றைத் தூக்கிவிட்டால் அந்தப் பிடியில் பாதி போய்விடும். ஆட்களை இறக்கி, கைப்பிரேக் போட்டு, கியரில் விட்டு, கழற்றாத சக்கரம் ஒன்றின் சரிவுப் பக்கத்தில் கட்டையை வைத்து, சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளை அரைச் சுற்றுத் தளர்த்தி, அதற்குப் பிறகுதான் ஜாக்கி. எச்சரிக்கை முக்கோணத்தை வளைவுக்கு முன்பாகவே வைக்க வேண்டும். வளைவைத் தாண்டி வண்டிக்குப் பின்னாலேயே வைத்தால், வருகிறவர் முக்கோணத்தையும் வண்டியையும் ஒன்றாகத்தான் பார்ப்பார்.

ஸ்டெப்னியைப் பற்றி ஒன்று. அது இருக்கிறதா என்று பார்ப்பதில் பொருள் இல்லை, காற்று இருக்கிறதா என்பதுதான் கேள்வி. திங்கட்கிழமை காலை, வண்டி ஓடுவதற்கு முன், ஐந்து டயர்களின் அழுத்தத்தையும் ஏர் கேஜ் வைத்துப் பார்த்து எழுதுகிறோம். இரவில் பார்ப்பதில்லை, ஓடி வந்த டயர் சூட்டில் மூன்று நான்கு பி.எஸ்.ஐ. கூடக் காட்டும். ஓட்டுநரின் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அளவு குளிர்ந்த டயருக்கானது. ஸ்டெப்னிக்கு அதைவிட மூன்று நான்கு கூட வைக்கிறோம், மாதக்கணக்கில் சும்மா கிடந்து குறையும் என்பதால். இன்னோவாவில் ஸ்டெப்னி வண்டிக்கு அடியில் தொங்கும். அதைச் சங்கிலியோடு கீழே இறக்கும் அமைப்பு சேற்றில் துருப்பிடித்துச் சிக்கிக்கொள்ளும். மாதம் ஒருமுறை இறக்கி ஏற்றினால்தான் வேண்டிய நேரத்தில் இறங்கும். ஒரு சபரிமலைப் பருவத்தில் இதைத் தெரிந்துகொண்டோம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

இனி ஆவணங்கள். இதில் நடந்த தவறு முழுக்க முழுக்க என்னுடையது.

வாடகைக் காருக்கு எஃப்.சி. எனப்படும் தகுதிச் சான்று புது வண்டியாக இருக்கும்போது இரண்டு ஆண்டுக்குக் கிடைக்கும். வண்டிக்கு எட்டு வயது ஆகும்வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கலாம். எட்டு வயதைத் தாண்டிவிட்டால் ஆண்டுதோறும். என் பழைய டிசையர் எட்டைத் தாண்டிய பிறகு எஃப்.சி. காட்டி வந்தேன். வழக்கம்போல நோட்டில் இரண்டு ஆண்டு கூட்டித் தேதி எழுதிவிட்டேன். சான்றில் ஓராண்டுதான் போட்டிருந்தது. நான் சான்றைப் பார்த்து எழுதவில்லை, பழக்கத்தைப் பார்த்து எழுதினேன். பதின்மூன்று மாதம் கழித்து, குருவாயூர் போகிற பயணிகளோடு வாளையாறில் சோதனைக்கு நிறுத்தினார்கள். அபராதம் கட்டி, பயணிகளுக்கு வேறு கார் ஏற்பாடு செய்து, அன்றைய வருமானமும் போனது. அதைவிட எனக்கு வயிற்றைக் கலக்கியது வேறு. மோட்டார் வாகனச் சட்டப்படி எஃப்.சி. இல்லாத வாடகை வண்டி முறையாகப் பதிவான வண்டியாகவே கருதப்படாது. அந்த ஒரு மாதத்தில் விபத்து ஏதும் நடந்திருந்தால் காப்பீட்டு நிறுவனத்தோடு நான் எங்கே நின்று வாதாடியிருப்பேன்?

இப்போது தேதிகளை நோட்டில் ஏற்றும்போது ஒருவர் சான்றைப் பார்த்து வாசிக்க, இன்னொருவர் எழுத வேண்டும். பெரும்பாலும் என் மனைவி வாசிப்பார். ஒவ்வொரு காருக்கும் காப்பீடு, எஃப்.சி., பர்மிட், வரி, புகைச் சான்று என்று ஐந்து தேதிகள். ஓட்டுநருக்கு லைசென்ஸ் தேதி ஒன்று. வாடகை வண்டி ஓட்டும் லைசென்ஸ் ஐந்து ஆண்டுக்குத்தான், சொந்தக் கார் லைசென்ஸ்போல நீண்ட காலம் வராது என்பதைப் புதிதாகச் சேரும் பிள்ளைகள் மறந்துவிடுகிறார்கள்.

இந்த ஆறு தேதிகளையும் தினமும் ஓட்டுநர் பார்க்க வேண்டும் என்று முதலில் எழுதியிருந்தேன். வீண். ஆண்டுக்கு ஒருமுறை மாறுவதை முந்நூற்று அறுபத்தைந்து நாளும் பார்க்கச் சொன்னால் கண் பழகிப்போகும். இப்போது தாளின் தலைப்பில், அந்தக் காருக்கு மிக அருகில் முடியப் போகும் ஒரே ஒரு தேதியை மட்டும் நான் அச்சிட்டுக் கொடுக்கிறேன். முப்பது நாளுக்குள் வந்துவிட்டால் சிவப்பில். ஓட்டுநர் தினமும் பார்ப்பது, பிளாஸ்டிக் உறையில் அந்தக் காரின் ஆவணங்கள்தான் இருக்கின்றனவா, வேறு காருடையது மாறி வந்துவிட்டதா என்பதை. உறையின் முதல் தாளில் இருக்கும் வண்டி எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தைத் தாளில் எழுத வேண்டும், அவ்வளவுதான்.

டிஜிலாக்கரிலும் எம்-பரிவாகன் செயலியிலும் காட்டும் ஆவணங்கள் செல்லும். 2018-லிருந்தே செல்லும். ஆனால் கல்லாறு தாண்டி மலையேறினால் சில வளைவுகளில் சிக்னல் இருக்காது, மாலை ஆறு மணிக்கு ஓட்டுநரின் கைபேசியில் சார்ஜும் இருக்காது. அதனால் நகல் உறை ஒன்று வண்டியில் எப்போதும் இருக்கிறது. அசல்கள் என் வீட்டுப் பீரோவில்.

நிரந்தர ஆவணங்கள் வேறு, அன்றைய ஓட்டத்துக்கான ஆவணங்கள் வேறு. இரண்டாவதுதான் அடிக்கடி கோட்டை விடப்படுகிறது. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் இ-பாஸ் வேண்டும். `epass.tnega.org` தளத்தில் எடுப்பது. 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாட்களில் 6,000, சனி ஞாயிறுகளில் 8,000 வண்டிகள் என்று எண்ணிக்கைக்கும் வரம்பு வைத்தார்கள். பயணி முன்பதிவு செய்யும்போதே எடுக்க வேண்டும், கிளம்பும் காலையில் எடுத்துக்கொள்ளலாம் என்றால் இடம் தீர்ந்திருக்கும். முக்கியமாக, இ-பாஸ் வண்டி எண்ணுக்குத்தான் கொடுக்கப்படும். கடைசி நேரத்தில் காரை மாற்றினால் பாஸ் செல்லாது. அகில இந்திய சுற்றுலா பர்மிட் எடுக்காத காரைக் கேரளாவுக்கு அனுப்புவதானால் தற்காலிக பர்மிட்டும் வரியும் முதல் நாளே பரிவாகன் தளத்தில் முடித்திருக்க வேண்டும். ஆகவே இரவுத் தாளில் "நாளை எங்கே?" என்று ஒரு வரி. ஊர்ப் பெயரை எழுதும்போதே என்ன பாஸ் வேண்டும் என்று கேட்க எனக்கு நினைவு வந்துவிடுகிறது.

முதலுதவிப் பெட்டியின் கதை கொஞ்சம் சிரிப்பானது, அப்போது சிரிக்க முடியவில்லை. ஒரு கல்யாண ஓட்டத்தில் காரின் கதவு ஒரு சிறுமியின் விரலை நசுக்கிவிட்டது. ரத்தம். ஓட்டுநர் பெட்டியைத் திறந்தால், பிளாஸ்டர் சுருளின் பசை வெயிலில் இளகி ஒரே கட்டியாக இருந்தது. காஸ் துணி இல்லை. மூன்று வாரத்துக்கு முன்பு பானெட்டில் கையைக் கீறிக்கொண்ட இன்னொரு ஓட்டுநர் எடுத்துக் கட்டியிருக்கிறார். எடுத்தது தப்பில்லை. சொல்லவில்லை என்பதுதான். கடைசியில் மண்டபத்தில் யாரோ கொடுத்த சுத்தமான வேட்டித் துணியால் அழுத்திப் பிடித்து மருத்துவமனைக்குப் போனார்கள்.

தினமும் பெட்டியைத் திறந்து பதினைந்து பொருளை எண்ணச் சொன்னால் மறுபடியும் டிக் வியாபாரம்தான். ஆகவே பெட்டிக்கு முத்திரை வைத்தேன். முதலில் நைலான் டேக் போட்டு இறுக்கினேன். நம் மூத்த ஓட்டுநர் அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "இதை அறுக்கக் கத்தரிக்கோல் வேண்டுமே, அது எங்கே இருக்கிறது?" என்று கேட்டார். பெட்டிக்கு உள்ளே. எல்லாரும் சிரித்தார்கள், நானும்தான். இப்போது பெயின்டர்கள் ஒட்டும் காகித டேப்பை மூடியின் மேல் ஒட்டி, அதில் தேதியும் கையெழுத்தும். கையாலேயே கிழியும். இரவுத் தாளில் அந்தத் தேதியை எழுத வேண்டும். டேப் கிழிந்திருந்தால் யாரோ திறந்திருக்கிறார்கள், நிரப்ப வேண்டும். கிழிக்காமல் இருந்தாலும் மாதம் முதல் தேதி நானே கிழித்து, பிளாஸ்டர் ஒட்டுகிறதா, கையுறை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்த்துப் புதிதாக ஒட்டுவேன்.

பெட்டிக்குள் என்ன என்றால், காஸ் துணிப் பொட்டலங்கள், இரண்டு அளவில் ரோலர் பேண்டேஜ், துணி பிளாஸ்டர், போவிடோன் அயோடின் களிம்பு, கையுறை நான்கு ஜோடி, கத்தரிக்கோல், கண்ணில் தூசி விழுந்தால் கழுவ ஸலைன் சின்ன பாட்டில், ஓ.ஆர்.எஸ். பொட்டலம் நான்கு. பெட்டி டேஷ்போர்டின் மேலோ பின் கண்ணாடித் தட்டிலோ இருக்கக் கூடாது. வெயிலில் நிறுத்திய காருக்குள் அந்த இரண்டு இடங்களும்தான் அதிகம் கொதிக்கும். முன் இருக்கைக்கு அடியில், பயணிப் பக்கம் வைக்கிறோம்.

மாத்திரை வைப்பதில்லை. ஒரு காலத்தில் தலைவலி, வாந்தி மாத்திரைகள் வைத்திருந்தேன். யாருக்கு எது ஒத்துக்கொள்ளாது என்று நமக்குத் தெரியாது. இன்னொரு காரணமும் உண்டு. வாந்திக்குப் போடும் பிரோமெத்தசின் வகை மாத்திரை நன்றாகத் தூக்கம் வரவழைக்கும். மலை ஓட்டத்தில் தனக்கே குமட்டுகிறது என்று ஓட்டுநர் ஒருவர் அதை எடுத்துப் போட்டுக்கொண்டார் என்று தெரிந்த அன்றே எல்லாப் பெட்டியிலிருந்தும் எடுத்துவிட்டேன். பெட்டியின் மூடியில் 108 என்று பெரிதாக எழுதியிருக்கிறது. பெரிய அடிக்கு அந்த எண்தான் மருந்து.

வாந்தி என்றதும் சுத்தம் செய்யும் சாமான்களுக்கு வந்துவிடலாம். கோவையில் டாக்ஸி வைத்திருப்பவனுக்குச் சுத்தம் என்பதில் பாதி இதுதான். மேட்டுப்பாளையத்தில் வயிறு நிறைய டிபன், பிறகு பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள்.

முன்பெல்லாம் பிளாஸ்டிக் கவர் கொடுப்போம். 2019 ஜனவரி 1 முதல் மாநிலம் முழுவதும் அதற்குத் தடை, நீலகிரியில் சோதனைச் சாவடியிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். வெறும் காகிதப் பை ஈரத்தில் கிழிந்து மடியில் கொட்டும். பொள்ளாச்சிப் பக்கம் மலிவாகக் கிடைக்கும் தென்னை நார்த்தூள் எங்களுக்குக் கைகொடுத்தது. நன்றாக உலர்ந்த நார்த்தூள் தன் எடையைப்போலப் பல மடங்கு தண்ணீரை உறிஞ்சும். இரண்டு காகிதப் பைகளை ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டு, அடியில் இரண்டு கைப்பிடி நார்த்தூள். பத்து நிமிடத்துக்குத் தாங்கும், அதற்குள் நிறுத்த இடம் கிடைத்துவிடும். இந்தப் பைகள் டிக்கியில் இருந்தால் பயனில்லை. பின் கதவுப் பைகளில் பக்கத்துக்கு இரண்டு. வண்டி கிளம்பும்போதே ஓட்டுநர் அதைக் காட்டிச் சொல்லிவிட வேண்டும். சிலர் முகம் சுளிப்பார்கள், கல்லாறு தாண்டியதும் சுளிக்க மாட்டார்கள்.

இருக்கையில் விழுந்துவிட்டால் பலரும் செய்யும் தவறு, ஒரு பக்கெட் தண்ணீரை ஊற்றுவது. தண்ணீர் கார்ப்பெட்டுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும், ஒரு வாரம் நாறும். முன் இருக்கைக்கு அடியில் காற்றுப்பைக்கும் சீட் பெல்ட்டுக்கும் போகும் வயர் இணைப்புகள் வேறு இருக்கின்றன. அவை நனைந்து, டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரிந்து, பட்டறைக்குப் போய் வந்தோம் ஒருமுறை. இப்போது கையுறை போட்டு, நார்த்தூளைத் தூவி ஐந்து நிமிடம் விட்டு, அட்டைத் துண்டால் வழித்தெடுத்து, ஈரத்துணியை நன்றாகப் பிழிந்து இரண்டு மூன்று முறை துடைக்கிறோம். ஷெட்டுக்கு வந்ததும் சமையல் சோடாவைத் தூவி இரவு முழுவதும் விட்டுக் காலையில் வேக்குவத்தால் உறிஞ்சினால் புளித்த வாடை போய்விடும். சீட் பெல்ட்டை முழுவதும் வெளியே இழுத்துப் பார்க்க வேண்டும், வாடை தீராததற்குப் பல சமயம் உள்ளே சுருண்டிருக்கும் பெல்ட்தான் காரணம். வாசனைத் திரவியம் அடித்து மறைக்கக் கூடாது. மூடிய காரில் அந்த வாசனையே அடுத்தவருக்குக் குமட்டலைக் கொண்டுவரும்.

இவை போக வண்டியில் இருப்பது மைக்ரோஃபைபர் துணி இரண்டு, பழைய செய்தித்தாள், ஒரு சின்னக் குப்பைக்கூடை, ஐந்து லிட்டர் தண்ணீர்க் கேன். துணிகளில் ஒன்று முன் கண்ணாடியின் உள்பக்கத்துக்கு மட்டும். டேஷ்போர்டு பிளாஸ்டிக் வெயிலில் வெளிவிடும் ஆவி கண்ணாடியில் மெல்லிய படலமாகப் படியும். பகலில் தெரியாது. இரவில் எதிர் வண்டி வெளிச்சம் பட்டால் கண்ணாடி முழுவதும் பால் ஊற்றியதுபோல இருக்கும். டேஷ்போர்டு துடைத்த துணியாலேயே கண்ணாடியைத் துடைத்தால் அந்தப் படலம் இன்னும் மோசமாகும்.

சுத்தம் செய்யும் பாட்டில்கள் எல்லாம் எங்கே வைக்கப்படுகின்றன என்பதுதான் நான் கடைசியாகச் சேர்த்த, ஒன்பதாவது வரி. ஒரு நாள் எங்கள் இளைய ஓட்டுநர் கோத்தகிரி வழியாக இறங்கும்போது, கண்ணாடி துடைக்கும் திரவ பாட்டில் இருக்கைக்கு அடியிலிருந்து உருண்டு வந்து பிரேக் பெடலுக்கு அடியில் போய் நின்றுவிட்டது. பெடல் பாதிக்கு மேல் போகவில்லை. தம்பிக்கு நிதானம் இருந்தது. கியரைக் குறைத்து, கைப்பிரேக்கை மெல்ல இழுத்து, மலைப்பக்கமாக வண்டியை ஒதுக்கிவிட்டார். ஷெட்டுக்கு வந்து என்னிடம் பாட்டிலை மட்டும் கொடுத்தார். கசங்கிப்போயிருந்தது. அதுவரை தீயணைப்பானையும் ஓட்டுநர் இருக்கைக்கு அடியில்தான் சும்மா போட்டு வைத்திருந்தோம், அது இரும்பு, கசங்கியும் இருக்காது.

மறுநாளே ஐந்து கார்களிலும் தீயணைப்பானுக்குப் பயணிப் பக்க இருக்கையின் முன்னால் தாங்கி அடித்துப் பொருத்தினோம். மாதம் ஒருமுறை அதைத் தலைகீழாகக் கவிழ்த்துக் குலுக்குகிறோம், உள்ளே இருக்கும் பொடி வண்டியின் அதிர்வில் அமுங்கிக் கட்டியாகிவிடாமல் இருக்க. சுத்தம் செய்யும் பாட்டில்கள் டிக்கியில், மூடியுள்ள ஒரு பக்கெட்டுக்குள். ஓட்டுநரின் தண்ணீர் பாட்டில் கதவுப் பையில் மட்டும். இரவுத் தாளின் ஒன்பதாவது வரி இப்படி இருக்கிறது: "ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் கைவிட்டு என்ன கிடைத்தது?"

பதில்கள் சுவாரசியமானவை. ஒரு ரூபாய் நாணயம், குழந்தையின் ஒற்றைக் கொலுசு, பாதி தேங்காய் பன். பெரும்பாலான நாட்களில் "ஒன்றுமில்லை" என்று இருக்கும். போன வாரம் இன்னோவாவின் தாளில் "21 ஸ்பேனர்" என்று எழுதியிருந்தது. டிக்கியில் இருக்க வேண்டியது அங்கே எப்படி வந்தது என்று இன்னும் யாரும் ஒப்புக்கொள்ளவில்லை.